அப்பாவின் இரண்டு பத்திரங்கள்: பங்கு என்றே நினைத்ததால் போன ஒரு லட்சம்

அப்பா 2019 ஜூலையில் காலமானார். பீரோவில் ஒரு கோவை கம்பெனியின் இரண்டு பத்திரங்கள் இருந்தன. அந்தக் கம்பெனிக்கு அவர் பல வருஷம் உதிரி பாகம் சப்ளை செய்தவர். பங்குச்சந்தையில் பட்டியலிடாத கம்பெனி அது. எனக்குப் பங்கு என்றால் ஈக்விட்டி மட்டும்தான் தெரியும்: வாங்கி வைத்தால் விலை ஏறும், இறங்கும், டிவிடெண்ட் வந்தால் வரும். இரண்டையும் அப்படியே நினைத்து, வாரிசு வேலைகளை முடித்துவிட்டு மெதுவாகப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். அந்த மெத்தனத்துக்கு ஒரு லட்சத்து நாலாயிரம் ரூபாய் போனது. இன்னும் ஆறவில்லை.

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அம்மா பெயரில் டிமேட் கணக்கு எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. நவம்பரில் பத்திரங்களை எடுத்துக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன்.

முதல் பத்திரம் மாற்றத்தக்க கடன் பத்திரம். தலா ₹1,000 வீதம் 200, மொத்தம் 2 லட்சம். வருஷத்துக்கு 9 சதவீத வட்டி. 2014 செப்டம்பரில் ஒதுக்கியது. ஐந்தாம் வருஷ முடிவில் முப்பது நாள் அவகாசத்துக்குள் அப்பா இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ₹1,000-ஐப் பணமாகத் திருப்பி வாங்குவதா, இல்லை ஒரு பங்கு ₹125 என்ற கணக்கில் ஈக்விட்டியாக மாற்றிக்கொள்வதா. மாற்றினால் ஒரு பத்திரத்துக்கு 8 பங்கு, மொத்தம் 1,600 பங்கு.

கவுன்டரில் இருந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஆப்ஷன் லெட்டர் அனுப்பியாச்சுங்க. பதில் வரலீங்க. அதனால பணமா செட்டில் பண்ணிட்டோமுங்க."

லெட்டர் எங்கே போனது? 2017-ல் நாங்கள் காலி செய்த பீளமேடு வாடகை வீட்டுக்கு. அப்பா முகவரியை மாற்றிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: அவகாசத்துக்குள் எழுத்தில் விருப்பம் வராவிட்டால் ரொக்கமாகத் தீர்க்கப்படும். அதை நான் படித்ததே அந்த அலுவலகத்தில் நின்றபோதுதான்.

அவகாசம் முடிந்த 2019 செப்டம்பரில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அந்தக் கம்பெனிப் பங்குக்குப் போட்ட விலை ₹190. மாற்றியிருந்தால் 1,600 பங்கு × 190 = ₹3,04,000 மதிப்பு. கிடைத்தது ₹2,00,000. கடன் பத்திரத்தோடு ஈக்விட்டி வாங்கும் உரிமையும் சேர்ந்து வருவதுதான் இந்த வகைப் பத்திரம். பங்கு விலை ₹90 ஆக இருந்திருந்தால் 8 பங்கின் மதிப்பு ₹720 தான். அப்போது பேசாமல் ₹1,000 வாங்கிக்கொள்ளலாம். விலை விழுந்தால் கடன் காப்பாற்றும், ஏறினால் பங்கு லாபம் தரும். அந்த வசதிக்காகத்தான் சாதாரணக் கடன் பத்திரத்தைவிடக் குறைந்த வட்டிக்கு இதை வாங்குகிறார்கள். ஆனால் காப்பாற்றும் என்பதெல்லாம் கம்பெனியிடம் பணம் இருக்கும்வரைதான். அப்பாவுடையது கம்பெனி சொத்தின் மீது அடமானம் உள்ளது. அடமானமில்லாததும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

வேறு சில பத்திரங்களில், சும்மா இருந்தாலே பங்காக மாறிவிடும். பெயரிலேயே கட்டாயம் என்ற சொல் இருக்கும். அதில் விருப்பத்துக்கே இடமில்லை, பணமாகக் கேட்கவும் முடியாது. எனவே எது கையில் கிடைத்தாலும் மூன்றை உடனே தேடிப் பாருங்கள்: தேர்வு யாருடையது, எந்தத் தேதி, பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும். விலாசத்தை எழுத்தில் மாற்றி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

அந்த 2 லட்சத்தை வாங்கவே மூன்று முறை அலைந்தேன். அப்பா கணக்குக்கு அனுப்பிய பணம் கணக்கு மூடியதால் திரும்பியிருந்தது. முதல் முறை சகோதரியின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். அடுத்த முறை அது நோட்டரி முன் கையெழுத்தாக வேண்டும் என்றார்கள். முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். இப்படி யாரும் கேட்காமல் கிடக்கும் தொகை 7 ஆண்டு கடந்தால் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். பிறகு அங்கே மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது பத்திரம் முன்னுரிமைப் பங்கு. ₹100 வீதம் 1,000, அதாவது 1 லட்சம். 10 சதவீத டிவிடெண்ட். ஒரு வருஷம் தராவிட்டால் பாக்கியாகச் சேரும் வகை. 2022-ல் அசல் திரும்ப வேண்டும். பெயரில் பங்கு, நடப்பதில் வட்டிக் கடன் போல. கம்பெனி நொடித்தால் கடன் பத்திரக்காரர்களுக்குப் பின், ஈக்விட்டிக்காரர்களுக்கு முன் வரிசையில் நிற்கும்.

கொரோனாவுக்குப் பின் இரண்டு வருஷம் டிவிடெண்ட் வரவில்லை. ₹20,000 பாக்கி என்று கடிதம் எழுதினேன். லாபம் இல்லை என்று பதில் வந்தது. கோபமாக ஒரு வக்கீலிடம் போனபோதுதான் விளங்கியது: கடன் பத்திர வட்டியைக் கம்பெனி நஷ்டத்திலும் தந்தாக வேண்டும், தராவிட்டால் கடன் கொடுத்தவராக வழக்குப் போடலாம். முன்னுரிமை டிவிடெண்ட் லாபத்திலிருந்துதான் வரும். சேர்ந்த பாக்கி ஈக்விட்டிக்காரர்களுக்குத் தருமுன் நமக்குக் கிடைக்கும், அவ்வளவே. அசலும் அப்படித்தான்: கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 55-ன்படி அதை லாபத்திலிருந்தோ, அதற்கென்று வெளியிட்ட புதுப் பங்குப் பணத்திலிருந்தோதான் திருப்பித் தர முடியும். தேதி வந்துவிட்டது என்பதாலேயே காசு வந்துவிடாது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். இரண்டு வருஷம் டிவிடெண்ட் தராத கம்பெனியில், பிரிவு 47-ன்படி, முன்னுரிமைப் பங்குக்காரருக்கும் எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டு உண்டு. மற்ற நேரத்தில் தன் உரிமையைத் தொடும் தீர்மானங்கள், கம்பெனியைக் கலைப்பது, மூலதனத்தைக் குறைப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். அம்மா முதன்முறையாகக் கூட்ட அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுப் போனார்.

2022-ல் தேதி வந்தபோது ஒரு சம்மதக் கடிதம் வந்தது. பழைய பங்குக்கும் பாக்கி டிவிடெண்டுக்கும் பதிலாகப் புது முன்னுரிமைப் பங்கு தருகிறோம், கையெழுத்திடுங்கள் என்றார்கள். போனிலும் இரண்டு முறை வற்புறுத்தினார்கள். "எல்லாரும் போட்டுட்டாங்கம்மா, நீங்க மட்டும்தான்" என்று அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா பேனாவை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன்.

காரணம் முன்பு சொன்ன பிரிவு 55-ல் உள்ள ஒரு நிபந்தனை. முக்கால்வாசி மதிப்புள்ள முன்னுரிமைப் பங்குக்காரர்கள் சம்மதித்து, தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதித்தால்தான் இப்படி மாற்ற முடியும். அனுமதிக்கும்போதே, சம்மதிக்காதவர்களின் பங்கை உடனே திருப்பிப் பணமாக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் மறுபடி வருஷக்கணக்கில் காத்திருக்க, போடாதவர்களுக்குப் பணம்.

தீர்ப்பாய உத்தரவு வர 2023 ஆனது. சம்மதிக்காதவர்களுக்கென்று ஒரு சிறு புதுப் பங்கு வெளியீட்டில் பணம் திரட்டி, 1 லட்சம் அசலைத் திருப்பித் தந்தார்கள். பத்திரத்தின் நிபந்தனைப்படி பாக்கி டிவிடெண்டும் அம்மா கணக்குக்கு வந்தது. வங்கி எஸ்.எம்.எஸ்-ஐ அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

வருமான வரிக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். கடன் பத்திரத்தையோ முன்னுரிமைப் பங்கையோ ஈக்விட்டியாக மாற்றும் அன்று மூலதன ஆதாய வரி வராது, பிறகு விற்கும்போதுதான். ஆனால் முன்னுரிமைப் பங்கின் அசலைத் திரும்ப வாங்குவது விற்பனையாகவே கருதப்படும். அம்மாவுக்கு வாங்கிய விலையே திரும்பியதால் ஆதாயம் எதுவும் இல்லை. டிவிடெண்டுக்குத் தனியாக வரி கட்டினோம்.