ஸ்கெட்ச் பேனாவோடு சேர் வாங்கப் போன கதை

பதினொரு வருஷம் வேலூர் கொசப்பேட்டையில் இன்னொருத்தர் சலூனில் கத்தரி பிடித்தேன். போன வருஷம் சத்துவாச்சாரியில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டேன். ரெண்டு சேர், ஒரு வாஷ் பேசின், ரெண்டு டிராலி. கையில் இருந்தது அறுபதாயிரம்.

பழைய கடையில் ஒரு சேர் இருந்தது. ஏற்றி வைத்தால் ஷேவிங் முடிவதற்குள் ஆள் மெதுவாகக் கீழே போயிருப்பார். அதோடு சேர்ந்து நானும் குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அதனால் சென்னையில் சேர் பார்க்கக் கிளம்பும்போதே ஒரு ஸ்கெட்ச் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டேன். கூட வந்தது என் மச்சான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. எடையும் தொண்ணூறு கிலோ. ரெண்டுக்குமே வேலை இருந்தது.

முதல் கடையில் அவனை உட்காரவைத்து, பெடலை மிதித்து முழு உயரத்துக்கு ஏற்றினேன். பம்ப்பிலிருந்து மேலே வரும் பளபளப்பான தண்டில், அது உள்ளே போகும் இடத்தில் ஒரு கோடு போட்டேன். பிறகு டீ குடித்தோம். கால் மணி நேரத்தில் கோடு உள்ளே போய்விட்டது. உள்ளே ஆயில் சீல் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தண்டைச் சுற்றி விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது. "புதுசுல அப்படித்தாங்க இருக்கும், போகப் போக செட் ஆயிடும்" என்றார் கடைக்காரர். சீல் தேயுமே தவிர, தானாக எப்படிங்க சரியாகும்?

ரெண்டாவது கடையில் ஒன்பதாயிரத்துக்கு ஒன்று, பதினாறாயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான். மச்சான் ரெக்சினை மடித்து, மடிப்பில் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தான். விலை குறைந்ததில் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றது. "இன்னா மச்சான், நம்ம ஊரு வெயிலுக்கு இது ஒரு வருஷத்துல வெடிச்சிடும்" என்றான். நான் சீட்டின் நடுவில் முழங்காலை வைத்து அழுத்தினேன். பலகை தட்டியது. அப்படியென்றால் உள்ளே இருக்கும் ஃபோம் லேசானது, சீக்கிரம் அமுங்கிவிடும். சேரைச் சாய்த்து அடியில் பார்த்தால் மரத்தூள் பலகை. அதில் ஈரம் ஏறினால் ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போகும். விலை கூடினதில் பிளைவுட். ஸ்கெட்ச் கோடும் நகரவில்லை. பம்ப் நாலு போல்ட்டில் நின்றது, தனியாகவும் கிடைக்கும் என்றார்கள். அதிலேயே ரெண்டு எடுத்தேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். நான் ஐந்தடி மூன்று அங்குலம். பெரிய பெரிய மெத்தை வைத்த சேர்களில் முழுசாக இறக்கிவிட்ட பிறகும் உயரமான ஆளின் தலை என் தோளுக்கு மேலே போய்விடுகிறது. எல்லாரும் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறார்கள். எனக்கு எவ்வளவு இறங்கும் என்பதுதான் கணக்கு.

வாஷ் பேசினில்தான் கோட்டை விட்டேன். பொருளில் தப்பில்லை. ஃபைபர் தொட்டியில் டை கறை ஏறிவிடும் என்று பீங்கான் எடுத்தேன். ஐந்து நிமிஷம் படுத்துப் பார்த்து, பிடரி வலிக்காததைத்தான் தேர்ந்தெடுத்தேன். பத்தொன்பதாயிரம். கடையில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் தெரிந்தது, தரையில் தண்ணீர் போகும் ஓட்டை எதிர்ச் சுவரில், ஏழடி தள்ளி. பிளம்பர் குழாயைத் தரையோடு படுக்கவைத்தால் வாட்டம் இல்லை. முதல் வாரமே முடி சேர்ந்து தண்ணீர் நின்றது. கூடவே வந்த நெளிநெளி ஹோஸின் மடிப்புகளிலும் முடி உட்கார்ந்துகொண்டது. கடைசியில் பேசினையும் அதோடு வரும் சேரையும் சேர்த்து நாலு அங்குல மேடையில் ஏற்றி, வழவழப்பான பிவிசி பைப் போட்டோம். வயசானவர்கள் ஏறும்போது இப்போதும் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்திருந்தால் இது வந்திருக்காது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு வேறு. ஷவர் தலையை வாரம் ஒரு தடவை கழற்றி எலுமிச்சைத் தண்ணீரில் ஊறப்போடுகிறேன்.

டிராலியில் நான் பார்த்தது சக்கரம் மட்டும்தான். அச்சில் முடி சுற்றிக்கொண்டால் உருளாது, இழுத்தால் கவிழும். கையால் பிடுங்கிக் கழற்ற முடிகிற சக்கரமாக எடுத்தேன். ஒன்று 2,800. வண்டி வாடகை 2,500 சேர்த்து மொத்தம் 60,100 ஆனது. அந்த நூறு ரூபாயை மச்சான் கொடுத்தான், இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

திறந்து பதினாலு மாசம். சேர் தண்டில் போட்ட கோட்டைத் துடைக்காமல் வைத்திருக்கிறேன். மாசம் ஒரு தடவை, எடையான ஆள் வந்து உட்காரும் நாளில், டை ஊறும் நேரத்தில் குனிந்து பார்ப்பேன். வாசல் பக்கத்துச் சேர் அசையவில்லை. மற்றது போன மாசம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது.