லாயிட் கண்ணாடி: விளிம்புக் கருப்புப் பட்டையைப் பிடித்த கதை

எங்கள் எம்.எஸ்சி. லேபில் கைமாறி வரும் ஒரு ரெக்கார்டு நோட்டு உண்டு. ஒரு பிளவிலிருந்து நேராக வரும் ஒளியும் கண்ணாடியில் எதிரொளித்து வரும் ஒளியும் குறுக்கிட்டு வெளிச்சமும் கருப்புமாகப் பட்டைகள் உண்டாக்குவதுதான் லாயிட் கண்ணாடி சோதனை. அதற்கு அந்த நோட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "ஐபீஸை 100 செ.மீ. தள்ளி வை. கண்ணாடி விளிம்பை ஒட்டிய கருப்புப் பட்டையைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு எண்ணு." அந்த வரியை நம்பி ஒரு மதியம் முழுக்கப் போனது. அவ்வளவு தூரத்தில் அந்தப் பட்டை இருக்கவே இருக்காது.

விளக்கைச் சூடேற்றுவது, உயரம் சரிபார்ப்பது எல்லாம் வழக்கம்போலத்தான். பட்டைகள் தெரியவில்லையென்றால் முதலில் பிளவைச் சந்தேகப்படுங்கள். பிளவு கண்ணாடிப் பரப்புக்கு இணையாக இல்லாவிட்டால் மங்கலான மஞ்சள் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பிளவின் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சட்டென்று கோடுகள் எழும்.

இப்போது அந்த 100 செ.மீ. விஷயம். எங்கள் அமைப்பில் கண்ணாடி 30 செ.மீ. நீளம். பிளவிலிருந்து 10 செ.மீ.யில் தொடங்கி 40 செ.மீ.யில் முடிகிறது. பிளவு கண்ணாடித் தளத்துக்கு 1 மி.மீ. மேலே. பிம்பம் 1 மி.மீ. கீழே. ஆக இரு மூலங்களுக்கும் இடைவெளி 2 மி.மீ. சோடியம் ஒளிக்கு 589.3 நா.மீ. என்று போட்டால் 100 செ.மீ.யில் பட்டை அகலம் சுமார் 0.29 மி.மீ. வரும். வந்தது.

ஆனால் எதிரொளித்த கதிர்கள் எங்கே விழுகின்றன என்று வரைந்து பாருங்கள். பிம்பத்திலிருந்து கண்ணாடியின் கடைசி விளிம்பு வழியாகக் கோடு போட்டால், 100 செ.மீ.யில் அது தளத்துக்கு 1.5 மி.மீ. மேலே போய்விடுகிறது. அதற்குக் கீழே நேரடி ஒளி மட்டுமே. குறுக்கிட ஜோடி இல்லை. பூஜ்யத்திலிருந்து ஐந்தாவது கருப்பு வரை எல்லாமே அந்த 1.5 மி.மீ.க்குள் அடக்கம். ஓரத்தில் கருப்பாகத் தெரிந்து நம்மை ஏமாற்றுவது, கண்ணாடி முனையில் ஒளி வளைவதால் வரும் விளிம்பு விளைவின் கோடு. அலைநீளத்துக்குப் பட்டைகளின் இடைவெளி மட்டும் போதும், எங்கிருந்து எண்ணினாலும் விடை சரியாக வரும். அதனால்தான் அந்தத் தப்பான வரி இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறது!

பூஜ்யப் பட்டை வேண்டுமென்றால் ஐபீஸின் குவியத் தளத்தைக் கண்ணாடியின் முனைக்கே கொண்டுவர வேண்டும். முனை கூர்மையாகத் தெரிந்தால் சரியான இடம். அங்கே தூரம் 40 செ.மீ.தான், பட்டை அகலம் 0.12 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். பட்டைகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐபீஸைக் கடைசிச் சில மில்லிமீட்டர் மெதுவாக நகர்த்துங்கள். கண்ணாடியில் இடித்தால் எல்லாம் முதலிலிருந்து.

நான் கொண்டுபோனபோது விளிம்பே ரம்பப் பல் மாதிரி தெரிந்தது. முனை உடைந்த கண்ணாடி. வேறு கண்ணாடி கேட்டதற்கு, "ஸ்டாக்ல இல்ல தம்பி, எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் ஸ்டோர்காரர். லேப் உதவியாளர் அண்ணன்தான் காப்பாற்றினார். "அதையே திருப்பிப் போடுங்க தம்பி, நல்ல முனை இந்தப் பக்கம் வரட்டும்." உடைந்த முனை பிளவுப் பக்கம் போனதும் விளிம்பு கத்தி போல நின்றது. அதை ஒட்டியே, நல்ல கருப்பில், முதல் பட்டை.

இரு கதிர்களுக்கும் பாதை வேறுபாடே இல்லாத இடம் அது, பிரகாசமாக இருந்திருக்க வேண்டும். எதிரொளிப்பில் அரை அலை புரண்டுவிடுவதால் இருட்டாகிறது. 1834இல் டப்ளினில் ஹம்ப்ரி லாயிட் காட்டியதும் இந்தச் சோதனையைத்தான். ஒளி இவ்வளவு சாய்ந்து உரசிப்போகும்போது சாதாரணக் கண்ணாடியே கிட்டத்தட்ட 99 சதவீதத்தைத் திருப்பிவிடுகிறது. இரண்டு அலைகளும் ஏறக்குறையச் சம பலம், அதனால் கருப்பு அசல் கருப்பாகவே இருக்கிறது. வெள்ளிப் பூச்சுக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

தேர்வன்று வெளித் தேர்வாளர் ஐபீஸில் பார்த்துவிட்டு, "இது விளிம்பு விளைவு இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார். சோடியத்தை எடுத்துவிட்டு வெள்ளை விளக்கை வைத்தேன். விளிம்பில் கருப்பு அப்படியே நின்றது, அடுத்த சில பட்டைகள் நிறம் பிரிந்து அப்புறம் கரைந்துபோயின. எந்த அலைநீளமானாலும் பூஜ்யம் கண்ணாடித் தளத்திலேயே விழுவதுதான் காரணம். பிளவைக் கொஞ்சம் அகலப்படுத்தியும் காட்டினேன். பிளவின் ஒவ்வொரு புள்ளிக்கும் பட்டை அகலம் மாறும், பூஜ்யத்தின் இடம் மட்டும் மாறாது. அதனால் தூரத்துப் பட்டைகள்தான் முதலில் அழிந்தன. அவர் தலையாட்டிவிட்டு, "சரி, ரீடிங் எடுங்க" என்றார். ரீடிங்குக்கு ஐபீஸை மறுபடி 100 செ.மீ.க்குத் தள்ளிவிடுங்கள், 0.12 மி.மீ. இடைவெளியை 0.01 மி.மீ. மைக்ரோமீட்டரில் அளந்தால் பிழை கூடிவிடும்.