“1.5 மீட்டர் ஆழம்” என்று எழுதி இரண்டு முறை திரும்பிய அறிக்கை

அடித்தள வடிவமைப்பு அறிக்கைக்கு நேற்றுதான் ஒப்புதல் கிடைத்தது. இதற்கு முன் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. எந்த ஆவணத்தின் எந்த இடத்திலிருந்து எண்ணை எடுத்தேன் என்பதைச் சரியாகச் சொல்லாததுதான் சிக்கல்.

முதல் முறை நான் எழுதிய வரி இது: “மண் ஆய்வு அறிக்கையின்படி, 1.5 மீட்டர் ஆழத்தில் பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன்.” சரிபார்ப்புப் பொறியாளர் ஓரத்தில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: “எதிலிருந்து 1.5?” தரையிலிருந்துதான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் மண்ணைச் சோதிக்கத் துளையிட்ட இடங்களின் துளைக்குழிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் துளைக்குழியின் மேல்மட்டம் 98.600. அதிலிருந்து 1.5 மீட்டர் இறங்கினால் 97.100. ஆனால் வரைபடத்தில் இருப்பது நிரப்பி முடித்த தரைமட்டம், 99.400. அதிலிருந்து 1.5 மீட்டர் எடுத்து, அடித்தளத்தின் அடிமட்டத்தை 97.900 என்று போட்டிருந்தோம். இடையில் 0.8 மீட்டர். அந்த இடைவெளியில் பெரும்பகுதி தளர்வான மணல் என்று அதே பதிவு சொல்கிறது. நான் எடுத்தாண்ட 150 அந்த மணலுக்குரியது இல்லை.

சரி, மட்டத்தை மாற்றிவிடலாம் என்றால் அடுத்த கேள்வி வந்தது. மட்டங்களை அளக்கத் தொடங்கும் புள்ளிதான் மட்டக்குறி; மண் ஆய்வாளர்களும் நில அளவையாளர்களும் ஒரே மட்டக்குறியிலிருந்துதான் அளந்தார்களா? மண் ஆய்வு அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொலைபேசியில் கேட்டால் “அளவைப் பிரிவைக் கேளுங்கள்”, அவர்களைக் கேட்டால் “மண் ஆய்வாளரைக் கேளுங்கள்” என்றார்கள். கடைசியில் நானே களத்துக்குப் போனேன். அன்று மட்டப்புத்தகம் வைத்திருந்தவர் வரவில்லை, ஒரு நாள் வீண். மறுநாள் புத்தகத்தைப் பார்த்தபோது, இரண்டு குழுவும் 100.000 என்று வைத்துக்கொண்ட அதே தற்காலிக மட்டக்குறியிலிருந்துதான் தொடங்கியிருந்தார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது. வேறு குறியாக இருந்திருந்தால் 97.100 என்ற எண்ணையே நம்பியிருக்க முடியாது.

திருத்திய வரி இப்படி ஆனது: “மண் ஆய்வு அறிக்கை (அறிக்கை எண், தேதி), துளைக்குழி 3, மேல்மட்டம் 98.600, தாங்குதிறன் மட்டம் 97.100-இல், மட்டக்குறி நில அளவை வரைபடத்தில் உள்ளதே.” நீளம்தான். ஆனால் ஆழத்தை மட்டும் எழுதினால், தரையை நிரப்பிய அல்லது வெட்டிய அன்றே அந்த மேற்கோள் பொய்யாகிவிடுகிறது.

இரண்டாம் முறை திரும்பியது தூண்களின் கவர் விஷயத்தில், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன் விஷயத்தில். இதற்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456. “ஐஎஸ் 456-இன்படி கடுமையான சூழலுக்குக் கவர் 45 மில்லிமீட்டர், வரைபடம் எஸ்-102 காண்க” என்று எழுதியிருந்தேன். எஸ்-102-ஐத் திறந்தால் 40 என்று இருக்கிறது. முரண்பாடு என்று குறித்து அனுப்பிவிட்டார்கள்.

என் மேசையில் இருந்த பிரதி ரெவிஷன் பி, அதில் 45 இருந்தது. நடப்பில் இருப்பது ரெவிஷன் சி. கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-இலிருந்து எம்35 ஆக உயர்ந்தபோது கவரையும் 40 ஆக்கியிருந்தார்கள். அதற்கு விதியில் இடம் உண்டு: ஐஎஸ் 456:2000, பிரிவு 26.4.2, அட்டவணை 16-இன் அடிக்குறிப்பு. கடுமையான சூழலில் எம்35-உம் அதற்கு மேலும் இருந்தால் 5 மில்லிமீட்டர் குறைக்கலாம். அதே பிரிவு தூணின் நீளவாட்டுக் கம்பிக்குக் கேட்கும் குறைந்தபட்சமும் 40தான், அதனால் அதற்குக் கீழே போகவில்லை. விதிநூலின் பெயரை மட்டும் எழுதியதால், சரியாக வரைந்த வரைபடமே தப்பு மாதிரி தெரிந்தது.

இப்போது வரைபடத்தைக் குறிப்பிடும்போது எண், தலைப்பு, ரெவிஷன் எழுத்து, தேதி, “கட்டுமானத்துக்கு வழங்கப்பட்டது” போன்ற நிலை ஐந்தையும் தலைப்புக் கட்டத்திலிருந்து நேராகப் பார்த்து எழுதுகிறேன், நினைவிலிருந்து இல்லை. விதிநூலுக்கு ஆண்டும் பிரிவு எண்ணும் போதும், பக்க எண் வேண்டாம். ஆண்டை மட்டும் விடவே கூடாது. அமெரிக்கக் கான்கிரீட் விதிநூலான ஏசிஐ 318-ஐ 2014 பதிப்பில் முழுக்க மறுவரிசைப்படுத்திவிட்டார்கள், பழைய பிரிவு எண்ணோடு தேடினால் வேறு விஷயத்தில் போய் நிற்போம்.

களத்தாய்வு அறிக்கை வெளியிடப்பட்ட நூல் இல்லை, படிப்பவரால் தேடி எடுக்க முடியாது. அதனால் மூன்றாம் துளைக்குழியின் பதிவுப் பக்கத்தையும் மட்டப்புத்தகத்தின் நகலையும் இம்முறை பின்னிணைப்பில் சேர்த்துவிட்டேன். ஒப்புதலோடு வந்த பிரதியில் 97.100-க்குப் பக்கத்தில் ஒரு சரி குறி மட்டும் இருந்தது.