மரத்தடியில் தெரிந்த செருப்பு: என் கேம் பிராக்டிகல் அரியர் கதை

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. கேம் டெவலப்மென்ட் பிராக்டிகல் அரியர் கிளியர். 75-க்கு 58. போன தடவை இதே பேப்பரில் 29. இடையில் ஆறு மாசம் உட்கார்ந்து படித்தேன் என்று சொன்னால் பொய். ஒரு படத்தை 12 பிக்சல் தூக்கும்போது எதைத் தூக்குகிறோம் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். என் கண்ணில் இந்த பேப்பரே அந்த 12 பிக்சல்தான். மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெக்கார்ட், எக்ஸ்டர்னல், வைவா எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கேள்வி இது: மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு காடு, அதில் ஒருவன் நடந்து போய் மரம் வெட்ட வேண்டும். கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் செய்தேன். இந்த வகை கேமில் எது முன்னால், எது பின்னால் என்பதற்கு ஒரே கணக்குதான். கொலுவில் கீழ்ப்படிப் பொம்மை மேல்படிப் பொம்மையை மறைக்கும் அல்லவா, அதே மாதிரி திரையில் யாருடைய கால் கீழே இருக்கிறதோ அவரைக் கடைசியாக வரைய வேண்டும். கோடோவில் கீழே போகப் போக Y கூடும். அதனால் Y பெரியதாக இருப்பவர் முன்னால். கால் என்ற சொல்லைக் கவனியுங்கள். தலையும் இல்லை, நடு உடம்பும் இல்லை.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். ஆளை முதலில் வைத்தேன், மரங்களை அப்புறம் வைத்தேன். எதுவும் சொல்லாவிட்டால் சீன் பட்டியலில் கீழே இருப்பதைத்தான் கோடோ கடைசியாக வரையும். ஆகவே ஆள் எங்கே நின்றாலும் மரத்துக்குப் பின்னால்தான் தெரிந்தான். சரி, Y வரிசை போட வேண்டும் என்று ஞாபகம் வந்தது. பழைய வீடியோ பார்த்துப் படித்தவர்கள் YSort என்ற நோடைத் தேடுவார்கள். அது கோடோ 3-ஓடு போய்விட்டது. 4-ல் `y_sort_enabled` என்ற ஒரு டிக் மட்டும், இன்ஸ்பெக்டரில் Ordering என்ற தலைப்புக்குள் இருக்கும். ஆளுடைய நோடில் டிக் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மாறாது, அது பிள்ளைகளை வரிசைப்படுத்தும் டிக், பெற்றவரில் போட வேண்டும். மரங்களுக்கும் ஆளுக்கும் மேலே இருந்த `Forest` நோடில் டிக் செய்ததும் சரியாகிவிட்டது. நடந்து பார்த்தேன், மரத்துக்கு மேலே போனால் மறைகிறான், கீழே வந்தால் முன்னால் தெரிகிறான். சந்தோஷத்தில் ஆளுடைய நோடில் முதலில் போட்ட டிக்கை எடுக்க மறந்துவிட்டேன்.

எக்ஸ்டர்னல் வந்தார். கீபோர்டை அவரே வாங்கிக்கொண்டார். நான் சோதித்தபோது மரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவர் நேராக ஒரு மரத்தின் அடிக்குப் போய் முட்டி நின்றார், வெட்ட வேண்டும் என்றால் அப்படித்தானே நிற்க வேண்டும். ஆளைக் காணோம். அடிமரம் அவன் முகத்தையும் வயிற்றையும் மறைத்திருந்தது. இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு பிக்சல் சட்டை, கீழே ஆறு பிக்சல் செருப்பு. அவ்வளவுதான் மிச்சம்.

"என்ன தம்பி, மரத்துக்குள்ள குடித்தனமா?"

"சார், ஒரு நிமிஷம் சார்."

அந்த ஒரு நிமிஷத்தில் நான் செய்த காரியம்தான் மிச்ச மார்க்கையும் கொண்டுபோனது. ஆளுக்கு `z_index` 1 என்று போட்டேன். Z-தான் முதலில் பார்க்கப்படும். அது சமமாக இருப்பவர்களுக்குள்தான் Y வரிசை நடக்கும். செருப்புப் பிரச்சினை தீர்ந்தது. அவர் மரத்துக்குப் பின்னால் நடந்தார். ஆள் இலைகளுக்கு மேல் ஏறி நின்றான். "இப்ப மரம் ஏறிட்டானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

என் மரத்தின் படம் 48-க்கு 64. அடிமரம் தரையைத் தொடும் இடம் Y 300. மர நோடை அந்த 300-லேயே வைத்து, `Sprite2D`-இன் `offset`-ஐ மைனஸ் 32 ஆக்கியிருந்தேன். ஸ்பிரைட் தானாகவே நடுவை மையமாக வைத்து நிற்கும் என்பதால், பாதி உயரம் தூக்கினால் அடி சரியாக நோடின் புள்ளியில் உட்காரும். மரம் வரிசைக்கு வந்த எண் 300. சரி.

ஆளின் படம் 16-க்கு 24. அவனுடைய நோடும் காலடியில்தான் இருந்தது. ஆனால் படத்தைத் தூக்கியது மவுசால் இழுத்து. மவுசால் இழுத்தால் மாறுவது `position`, `offset` இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஸ்பிரைட்டின் `position` மைனஸ் 12 ஆகிவிட்டது. அதோடும் தப்பித்திருப்பேன், ஏனென்றால் `Forest` பார்ப்பது ஆளுடைய நோடை, அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஸ்பிரைட்டை இல்லை. ஆனால் எடுக்க மறந்த அந்த டிக் இருக்கிறதே, அது ஸ்பிரைட்டையும் தனி ஆளாக வெளியே இழுத்து, மரங்களோடு ஒரே வரிசையில் நிறுத்திவிடும்.

மோதல் பெட்டி காலடியில் 6 பிக்சல் உயரம். ஆகவே மரத்தில் முட்டி நிற்கும்போது அவன் கால் 306. மரத்தின் 300-ஐவிடப் பெரியது, முன்னால் வர வேண்டும். ஆனால் வரிசைக்குப் போன எண் ஸ்பிரைட்டுடையது, 306-இல் 12 போக 294. மரத்தைவிடச் சிறியது, பின்னால் தள்ளிவிட்டது. கால் 312-ஐத் தாண்டினால் எல்லாம் சரி. அதாவது தப்பு தெரிவது 306-க்கும் 312-க்கும் நடுவே ஆறு பிக்சல் பட்டையில் மட்டும். நான் சுற்றி நடந்தபோது அந்தப் பட்டையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இரண்டாவது தடவை வைத்த அமைப்பு இது:

```
Forest            y_sort_enabled = true
├─ Tree           
│   └─ Sprite2D   position = (0, 0)  offset = (0, -32)
└─ Player         y_sort_enabled = false
    └─ Sprite2D   position = (0, 0)  offset = (0, -12)
```

நோடு தரையில் இருக்கட்டும், படத்தை மட்டும் `offset`-ஆல் தூக்குங்கள். இப்படி வைத்தால் யாராவது தெரியாமல் டிக் செய்தாலும் எண் மாறாது, ஸ்பிரைட்டின் இடமும் தரைதான். இதை நான் பத்து தடவை சொல்வேன், எரிச்சலாக இருந்தால் மன்னிக்கவும். மவுசை ஸ்பிரைட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

படத்தில் அடிமரத்துக்குக் கீழே நிழலோ வெற்றிடமோ இருந்தால் பாதி உயரம் செல்லாது. என் இரண்டாவது மரத்தில் கீழே 4 பிக்சல் நிழல். அதனால் 32-க்குப் பதில் 28. நிழலின் ஓரத்தை அடி என்று எடுத்துக்கொண்டால் அந்த மரம் மட்டும் நாலு பிக்சல் முன்னால் வந்து நிற்கும்.

கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டால், கண்ணை நம்பாதீர்கள், கோடு போடுங்கள். மரத்திலும் ஆளிலும் இருக்கும் ஸ்கிரிப்டில் இதைச் சேர்த்தால் நோடின் புள்ளியில் சிவப்புக் கோடு விழும்:

```gdscript
func _draw():
    draw_line(Vector2(-30, 0), Vector2(30, 0), Color.RED)
```

நீளம் எதற்கு என்றால், பெற்ற நோடு வரைவது பிள்ளையின் படத்துக்கு அடியில் போய்விடும். சின்னக் கோடு போட்டால் உடம்பு மறைத்துவிடும். கோடு செருப்புக்குக் கீழே ஓடினால் நல்லது, இடுப்பில் ஓடினால் ஆள் மாட்டிக்கொண்டான். ஆனால் என் கேஸில் இந்தக் கோடு செருப்பில்தான் ஓடியது, நோடு சரியாக இருந்ததால். அப்படி வந்தால் அடுத்து `$Sprite2D.global_position.y` என்ன என்று `print` செய்து பாருங்கள். எனக்கு 306 வர வேண்டிய இடத்தில் 294 என்று வந்து பல்லிளித்தது.

தேர்வுக்கு முன் நான் இப்போது செய்வது:

- ஒவ்வொரு மரத்தின் அடியிலும் தெற்கிலிருந்து முட்டி நின்று மூன்று எண்ணுவேன். அப்புறம் வடக்கிலிருந்தும்.
- `Forest`-க்குக் கீழே இருக்கும் எல்லோருக்கும் `z_index` 0-தானா என்று பார்ப்பேன். ஒன்றில் மறந்துபோய் 1 இருந்தாலும் Y வரிசை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.
- தரை `Forest`-க்கு வெளியே, பட்டியலில் அதற்கு மேலே.
- மரங்களை டைலாக வைத்தால் அந்த `TileMapLayer`-இலும் டிக் வேண்டும். இல்லாவிட்டால் காடு முழுவதும் ஒரே பொருளாக வரிசைக்கு வரும்.
- காலையில் சாப்பிட்டுவிட்டுப் போவேன்.

இந்தத் தடவை வேறு எக்ஸ்டர்னல். நேரே மரத்தடிக்குப் போனார் (எல்லோரும் அங்கேதான் போவார்கள் போல). ஆள் முழுசாக நின்றான். அப்புறம் வைவாவில், "இவ்வளவு எதுக்குப்பா, ஒவ்வொரு பிரேமும் `z_index = int(global_position.y)`னு போட்டா முடிஞ்சுதே?" என்றார். என் ஃபிரெண்ட் ஒருத்தன் போன தடவை அப்படியே செய்து பாஸாகியிருந்தான், அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் பதில் கையில் இருந்தது. Z-க்கு எல்லை 4096. 16 பிக்சல் கட்டத்தில் 256 வரிசை, அதற்கு மேல் வரைபடம் நீண்டால் கணக்கு முட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், ஆள் வடக்கே நடந்து Y பூஜ்யத்துக்கு மேலே போனால் Z மைனஸ் ஆகி, தரைக்கு அடியில் போய்விடுவான். அவர் வீட்டில் அது நடந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார்.

அடுத்த கேள்வியில்தான் திணறினேன். சாய்வாக விழுந்து கிடக்கும் நீளமான மரத்துண்டுக்கு எந்தப் புள்ளியை வைப்பாய் என்றார். நடுவில் வைத்தால் ஒரு முனையில் தப்பு, முனையில் வைத்தால் மறுமுனையில் தப்பு. ஒரே புள்ளியால் முடியாது என்பது வரைக்கும் சொன்னேன். துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தன் அடியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.