மசாலா நிறுவனத்துக்கு எழுதிய ஆதரவு வேண்டுகோள் கடிதம்

காரைக்குடியில் எங்கள் கல்லூரி வணிகவியல் மாணவர் மன்றம் நடத்திய கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளுக்கு, ஊரிலேயே இருக்கும் மசாலா நிறுவனம் ஒன்றிடம் ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதும் பொறுப்பு செயலாளரான என்னிடம் வந்தது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கேட்கலாம் என்று மன்றத்தில் சிலர் சொன்னார்கள். பொறுப்பாசிரியர் அதை ஏற்கவில்லை. ஒரு நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடுவது போன்ற வரம்புகளுக்குள் வரும் நிறுவனங்களுக்கே லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் அந்தக் கடமை உண்டு என்பதையும், தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஆதரவு அந்தக் கணக்கில் சேராது என்பதையும் அவர் விளக்கினார். ஆகவே, உதவி என்று கேட்காமல், விளம்பர வாய்ப்பு என்றே எழுதினோம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமைந்தது: "ஆறு போட்டிகளுக்கு முதல் பரிசு தலா 2,000 ரூபாயும் இரண்டாம் பரிசு தலா 1,000 ரூபாயுமாக 18,000 ரூபாயும், சான்றிதழ்களுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் 7,000 ரூபாயும் தேவைப்படுகின்றன. இவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தாங்கள் ஏற்க இசைந்தால், மேடைப் பதாகையிலும் சான்றிதழ்களிலும் தங்கள் நிறுவனத்தின் பெயரை இடம்பெறச் செய்வதோடு, நுழைவாயிலருகே தங்கள் பொருள்களைக் காட்சிப்படுத்த ஓர் இடமும் ஒதுக்கித் தருவோம்." 'பகுதியாகவோ' என்று எழுதியது, முழுத் தொகையும் தர இயலாதவர் மறுப்பதற்குப் பதிலாக ஒரு பங்கை ஏற்கட்டும் என்பதற்காக.

'நிர்வாக இயக்குநர் அவர்கள்' என்று பெறுநரைக் குறித்து, முதல்வரின் பரிந்துரைக் கையொப்பமும் முத்திரையும் பெற்று, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடிதத்தை முதலில் வாங்கிப் படித்தவர் கணக்கர். புகழ்ச்சி வரிகளைத் தாண்டி அவர் விரல் நேராகத் தொகையில்தான் போய் நின்றது. "ஏம்மா, இதை நன்கொடைன்னு எழுதவா, விளம்பரச் செலவுன்னு எழுதவா? காசோலை யார் பேருக்கு?" என்று கேட்டார். விளம்பரம் என்றால் தொழில் செலவாகக் காட்டலாம். நன்கொடையென்றால் வரிவிலக்குச் சான்று பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும். கல்லூரிக் கணக்கின் பெயரும் வங்கி விவரமும் கடிதத்தின் இணைப்பில் இருந்ததால், மாணவர் எவர் பெயரிலும் பணம் வராது என்பதை அப்போதே காட்ட முடிந்தது. கணக்கு வழக்கில் கறாரான ஊரில் அந்த இணைப்புக்குக் கிடைத்த மதிப்பு, நான் பார்த்துப் பார்த்து எழுதிய முன்னுரைக்குக் கிடைக்கவில்லை.

நிறுவனம் பரிசுத்தொகையான 18,000 ரூபாயை மட்டும் ஏற்றது. சான்றிதழ்ச் செலவை நுழைவுக் கட்டணத்தில் சமாளித்தோம். விழா முடிந்ததும், பரிசு பெற்றவர்களின் கையொப்பப் பட்டியல், பதாகையின் படம், கல்லூரி அலுவலகம் கொடுத்த ரசீது ஆகியவற்றை நன்றிக் கடிதத்தோடு கணக்கரிடமே ஒப்படைத்தோம். அடுத்த ஆண்டுக் கடிதத்தை ஜூலைக்குள் கொடுத்துவிட்டால் தீபாவளி விளம்பரச் செலவோடு சேர்த்துப் பார்ப்பதாக அவர் சொன்னார்.