அம்மாவின் 12 லட்சத்தை எந்த பேங்க்கில் போட்டோம்

அப்பா இறந்தபின் வந்த பணம் 12 லட்சம், மொத்தமும் அம்மா பெயரில். பெரிய அரசு வங்கியில் ஆறரை சதவீதம் சொன்னார்கள், ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்கில் எட்டு. அம்மாவுக்கோ ஊர் கூட்டுறவு பேங்க்தான் வேண்டும். "நகை வெச்சாலும் மீட்டாலும் அங்கதானடா, எல்லாரும் தெரிஞ்சவங்க" என்றார்.

அந்தக் 'கூட்டுறவு பேங்க்'கின் பெயர்ப் பலகையை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். சங்கம் வேறு, வங்கி வேறு. டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு தரும் டிஐசிஜிசி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியையும் நகரக் கூட்டுறவு வங்கியையும் சேர்க்கிறது, சங்கங்களைச் சேர்ப்பதில்லை. காப்பீடு உள்ள வங்கிகளின் பட்டியல் dicgc.org.in தளத்தில் இருக்கிறது. ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்கின் பெயரையும் அதில் பார்த்துக்கொண்டேன். நகைக் கடனுக்குச் சங்கம், டெபாசிட்டுக்கு வேறு இடம் என்று அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது.

அடுத்து, ஸ்மால் ஃபைனான்ஸில் எவ்வளவு போடுவது? 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு. கிளை மாற்றிப் போட்டாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். எட்டு சதவீதத்தில் மூன்று வருடம் வட்டியை எடுக்காமல் விட்டால் 3,90,000 ரூபாயே 4,94,600 ஆகிவிடும். அதற்கு மேல் ஐயாயிரம் போட்டாலே முதிர்வுக்கு முன்பே வரம்பைத் தாண்டும். ஆனால் அம்மாவுக்குச் செலவுக்குப் பணம் வேண்டுமே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வாங்கும் திட்டம் என்றால் 4,80,000 போடலாம். ஒரு தவணை வட்டி 9,600 சேர்ந்தாலும் 4,89,600தான்.

இங்கேதான் கோட்டை விட்டேன். வட்டியை அதே வங்கியின் சேமிப்புக் கணக்குக்கே போகச் சொல்லியிருந்தேன். அந்த இருப்பும் அதே 5 லட்சத்துக்குள்தான் வரும். மூன்றாவது தவணை வந்தபோது பாஸ்புக்கில் கூட்டிப் பார்த்தால் 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது! கவுண்டரில் டெபாசிட் எடுத்துத் தந்தவரும் இதைச் சொல்லவில்லை. இப்போது வட்டி நேராகப் பெரிய வங்கிக் கணக்குக்குப் போகிறது.

மீதி 7,20,000ஐ அரசு வங்கியில் போட்டோம். காப்பீட்டு வரம்பு அங்கேயும் அதே 5 லட்சம்தான், ஆனால் முதலாளி அரசாங்கம் என்பதால் அதைத் தாண்டிப் போட மனம் வந்தது. நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றையும் யோசித்தோம். அதன் வட்டி அரசு வங்கியைவிடக் கால் சதவீதம்தான் கூட, அதற்காக மூன்றாவதாக ஒரு பாஸ்புக் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ரிசர்வ் வங்கி ஒரு வங்கியை முடக்கினால் காப்பீட்டுப் பணத்தை 90 நாளுக்குள் தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த மூன்று மாதத்தை ஓட்டவும் பெரிய வங்கியில் கையிருப்பு வேண்டும்.

வட்டியில் வரி பிடிக்காமலிருக்க 15எச் படிவத்தை ஏப்ரலில் இரண்டு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுத்தோம். சங்கத்தில் அம்மாவின் வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.