குறைத்துக் கட்டிய தவணை எந்தக் கணக்கில் வரவாகிறது

கடன் தவணை ஒரு மாதம் தவறி, அடுத்த தவணை நாளிலும் முழுத்தொகை சேராத நிலையில், கையில் இருந்ததைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். நிலுவை அசல் 1,00,000. வட்டி மாதத்துக்கு ஒரு சதவீதம். 5,000 தவணையில் 1,000 வட்டிக்கும் 4,000 அசலுக்கும் உரியது. முதல் மாதம் அசல் குறையாததால் இரண்டாம் மாத வட்டியும் 1,000 ஆகவே நின்றது. தவறிய தவணைக்கு அபராதம் 500 சேர, மொத்தம் 10,500 கட்ட வேண்டியிருந்தது. நான் கட்டியது 6,000.

பழைய தவணையும் அதன் அபராதமும் சேர்ந்தால் 5,500தான் என்பதால், அது முழுவதும் தீர்ந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கணக்கு விவரத்தை வாங்கிப் பார்த்தபோது, என் ஒரே தொகை மூன்று வரிகளாகப் பிரிந்திருந்தது: அபராதம் 500, வட்டி 2,000, அசல் 3,500. முதல் தவணை இன்னும் பாக்கி என்றே காட்டியது.

கடன் பிரிவு அலுவலரிடம் கேட்டதில் காரணம் புரிந்தது. பணத்தை வரவு வைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், மிகப் பழைய தவணையை அபராதம், வட்டி, அசல் என்று முழுவதும் தீர்த்த பிறகே அடுத்த தவணைக்குப் போவார்கள். அப்படியானால் எனக்கு முதல் தவணை முடிந்து, மீதி 500 இரண்டாம் மாத வட்டிக்குப் போயிருக்கும். மற்றதில், எல்லாத் தவணைகளின் அபராதத்தையும், பின்பு எல்லா வட்டியையும் எடுத்துக்கொண்டு, மிஞ்சுவதை மட்டுமே அசலில் கழிப்பார்கள். என் ஒப்பந்தத்தில் இருந்தது இந்த இரண்டாவது முறை.

இரு முறையிலும் பாக்கி 4,500தான். அசல் 96,000க்குப் பதில் 96,500 ஆக நிற்பதால் அடுத்த மாத வட்டியில் வரும் வித்தியாசமும் வெறும் 5தான். ஆனால் தாமத நாட்களை மிகப் பழைய பாக்கியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. முதல் தவணையின் அசலில் 500 நின்றதால், 6,000 கட்டியும் என் கணக்கு ஒரு மாதம் முழுவதும் தவறியதாகவே பதிவில் இருந்தது.

பணம் கட்டும்போதே இது அசலுக்கு என்று எழுதிக் கொடுத்தால் ஏற்பார்களா என்றும் கேட்டேன். வரவு வரிசையை ஒப்பந்தமே வகுத்துவிட்டதால், அவர்கள் எழுத்தில் இசைந்தாலன்றிக் கடன் வாங்கியவர் அதைத் தனியாக மாற்ற முடியாது என்றார் அலுவலர்.

ஆகவே வேறு கேள்வி கேட்டேன்: பழைய தவணை முடிய இன்று எவ்வளவு வேண்டும்? கேட்புக்கு வந்த அபராதமும் வட்டியும் ஏற்கெனவே தீர்ந்திருந்ததால், 500 கட்டினால் அது முழுவதும் அசலுக்கே போகும் என்றார்கள். அடுத்த மாத வட்டி கேட்புக்கு வருவதற்கு முன்பே அதைக் கட்டி, புதிய கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் அசல் 96,000 என்றும், பாக்கி இரண்டாம் தவணையிலிருந்து மட்டும் என்றும் இருந்தது.